குழந்தை இருக்கிறது என்பது பாதிச் செய்திதான்

மறுமணத்துக்கு வரன் பார்க்கத் தொடங்கும் வீடுகளில் முதலில் எழும் வாதம், முந்தைய திருமணத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி எப்போது சொல்வது என்பதுதான். ஜாதகம் பொருந்திய பிறகு சொல்லலாம் என்பார் ஒருவர். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகு மெதுவாகச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்பார் இன்னொருவர். தொடக்கத்திலேயே சொன்னால் ஒரு வரனும் வாசற்படி ஏறாது என்று மூன்றாமவர் அஞ்சுவார். என் அக்காள் மகளுக்கு மறுமணம் பேசிய காலத்தில் இந்த மூன்று குரல்களையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டேன். அந்தப் பேச்சுகளில் பெரும்பாலானவற்றைத் தொலைபேசியில் நடத்தியவள் நான் என்பதால், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜாதகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, முதல் பேச்சிலேயே குழந்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆனால் குழந்தை இருக்கிறது என்று மட்டும் சொல்வது போதாது. திருமணத்துக்குப் பிறகு அந்தக் குழந்தை எந்த வீட்டில் வளரும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பேச்சு முறிவதும், முடிந்த திருமணம் கசந்துபோவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதி சொல்லப்படாததால்தான்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம். ஆட்சி கேரளத்தினுடையது, வீட்டிலும் கடைவீதியிலும் பேசுவது தமிழ். எங்கள் பெண்களுக்கு வரன் வருவது பெரும்பாலும் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கமிருந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளிலிருந்து. இதனால் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பக்கத்துத் தரகருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தரகர் இருப்பார். நாம் சொல்வது முதலாமவர் வழியாக இரண்டாமவருக்குப் போய், அவர் வாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். நல்ல சேதிகள் போகிற வழியில் பெருகும். சங்கடமான சேதிகள் தேய்ந்துகொண்டே போகும். குழந்தை இருப்பதை முற்றாக மறைக்கும் தரகர்கள் இப்போது குறைவு, ஏனென்றால் அது எப்படியும் வெளியே வரும் என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் செய்வது வேறு. "குழந்தை இருக்குதுங்க, ஆனா அது அம்மாயி வீட்டோட இருந்துக்கும்" என்று தாங்களாகவே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுவார்கள். கேட்கிறவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கும். அதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்கவும் மாட்டார்கள்.

என் அக்காள் மகளுக்கு முதலில் உடுமலையிலிருந்து வந்த வரன் இப்படித்தான் முறிந்தது. அவளுக்கு அப்போது 31 வயது. பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் இருவர் சம்மதத்துடன் விவாகரத்து முடிந்திருந்தது. ஆறு வயது மகள் ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிற அன்று குழந்தை கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்று தரகர் சொல்ல, அக்காளும் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். குழந்தையின் சைக்கிளைக்கூடப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அக்காள் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை இங்கயேதான் படிக்குதுங்களா? உங்க கூடயே விட்டுருவாங்கன்னு தரகர் சொன்னாரு" என்று என் அக்காளிடம் இயல்பாகக் கேட்டார். உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்த பெண்ணின் காதில் அது விழுந்தது. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, மகளை விட்டுவிட்டு எங்கும் வருவதாகத் தான் யாரிடமும் சொல்லவில்லை என்றாள். அதன்பின் அவர்கள் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். எங்கள் பக்கத்தில் கை நனைக்காமல் போனால் சம்பந்தம் இல்லை என்றுதான் பொருள். அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. அவர்களிடம் சொல்லப்பட்ட விஷயம் ஒன்று, வந்து பார்த்தது வேறு.

பார்த்துப் பிடித்த பிறகு சொல்லலாம் என்ற யோசனையில் உள்ள கேடு இங்கே தெரிகிறது. பெண் பார்த்தல் என்பது இரண்டு பேர் சந்திக்கும் நிகழ்ச்சியாக நம் ஊரில் இருப்பதில்லை. பெரியப்பா, மாமா, அத்தை என்று ஏழெட்டுப் பேர் காரில் வந்து இறங்குவார்கள். அத்தனை பேர் பார்த்த பிறகு குழந்தையின் காரணமாக மறுப்பு வந்தால், அந்த மறுப்பு குழந்தையின் பெயரில் ஊரெல்லாம் பரவும். ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஒருநாள் காதில் விழவும் செய்யும். அதைவிட மோசமானது, அந்த நெருக்கடியில் வரும் சம்மதம். எல்லோர் முன்னிலையிலும் மறுக்கக் கூச்சப்பட்டு ஒப்புக்கொண்ட மனிதர், பின்னாளில் சிறு சண்டையிலும் "எனக்கு முதலில் சொல்லவில்லையே" என்ற பேச்சை எடுக்கலாம். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது. மாறாக, ஒரு தொலைபேசிப் பேச்சில் சொல்லி, அதே பேச்சில் மறுப்பு வந்தால், அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த மறுப்பு. அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

முழுவதும் மறைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 12ஆவது பிரிவு, எதிர்த் தரப்பினரைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து, வஞ்சனையால் பெற்ற சம்மதத்தின் பேரில் நடந்த திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோர இடம் தருகிறது. உண்மை தெரிய வந்ததிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தெரிந்த பிறகும் முழு மனதோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த உரிமை போய்விடும். முந்தைய திருமணத்தை மறைத்ததை இந்தப் பிரிவின் கீழ் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வழக்குகள் உண்டு. இரண்டாவது முறையாக ஒரு பெண்ணோ ஆணோ நீதிமன்றப் படியேற இந்த ஒரு மறைப்பு போதும். ஆனால் குழந்தை பாட்டி வீட்டில் இருக்கும் என்ற அரை உண்மையைச் சட்டம் சரிசெய்யாது. அதை நாம்தான் முதல் பேச்சில் சரிசெய்ய வேண்டும்.

அந்த உடுமலை வரன் போன பிறகு நான் அக்காளிடம் இரண்டு மாற்றங்களைக் கேட்டேன். ஒன்று, தரகர் எண்ணைக் கொடுக்கட்டும். குழந்தையைப் பற்றி அவர் பேச வேண்டாம், முதல் அழைப்பை நானே செய்கிறேன். இரண்டு, பயோடேட்டாவில் விவாகரத்தானவர் என்று எழுதியிருக்கும் வரிக்கு அடுத்த வரியிலேயே குழந்தையைப் பற்றி எழுதிவிட வேண்டும். அந்த வரியை நானும் பெண்ணும் உட்கார்ந்து எழுதினோம்: "ஒரு பெண் குழந்தை, வயது 6, தாயின் பொறுப்பில் வளர்கிறாள், திருமணத்துக்குப் பின்னும் தாயுடனே இருப்பாள்." அவ்வளவுதான். குழந்தை உண்டு என்பது, வயது, யாருடைய பொறுப்பு, பின்னால் எங்கே என்ற நான்கும் அதில் இருக்கின்றன. "குழந்தை மிகவும் சமர்த்து, யாருக்கும் தொந்தரவு இல்லை" என்று அக்காள் சேர்க்கச் சொன்னாள். அதை நான் எழுத விடவில்லை. தொந்தரவு இல்லை என்று எழுதினாலே தொந்தரவைப் பற்றிய எண்ணம் படிக்கிறவர் மனத்தில் வந்துவிடும். மேலும் ஆறு வயதுக் குழந்தை எப்போதும் சமர்த்தாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

திருமணத் தகவல் இணையதளங்களில் பதிவு செய்பவர்களுக்கு இது இன்னும் எளிது. அங்கே குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டமும், குழந்தை தன்னுடன் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இன்னொரு கட்டமும் இருக்கும். வீட்டார் சிலர், அதிக வரன்கள் வரட்டும் என்று இரண்டாவது கட்டத்தில் குழந்தை தன்னுடன் இல்லை என்று குறித்துவிடுகிறார்கள். அப்படிக் குறித்தால் குழந்தை வேண்டாம் என்பவர்களின் அழைப்புகள்தான் குவியும். ஒவ்வொருவரிடமும் மறுபடி விளக்கி, மறுபடி மறுப்பு வாங்க வேண்டியிருக்கும். உண்மையைக் குறித்தால் அழைப்புகள் குறையும். ஆனால் அழைப்பவர்கள் அதைப் படித்துவிட்டு அழைத்தவர்களாக இருப்பார்கள்.

முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதற்கு எல்லாவற்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும் என்று பொருள் இல்லை. குழந்தையின் பெயர், படிக்கும் பள்ளி, புகைப்படம், தந்தையின் பெயரும் ஊரும், விவாகரத்தின் காரணங்கள் ஆகியவை முதல் பேச்சுக்கு உரியவை அல்ல. பெயரும் பள்ளியும் இரு வீட்டாரும் நேரில் சந்தித்த பிறகு தெரிந்தால் போதும். காரணங்களைப் பெண்ணே மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சித்தியோ மாமாவோ தொலைபேசியில் சொல்லக் கூடாது. புகைப்படத்தைப் பொறுத்தவரை நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். தாயின் பதிவில் குழந்தையின் படத்தைச் சேர்ப்பதும், அறிமுகமாகாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூடாது. இரண்டாவது அழைப்பிலேயே ஒருவர் தாயைப் பற்றி அதிகம் கேட்காமல் குழந்தையின் படத்தை அனுப்பச் சொன்னார்; குழந்தையோடு தனியாகப் பேச வேண்டும் என்றும் கேட்டார். அன்போடு கேட்டிருக்கலாம். ஆனாலும் நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன். துணையில்லாத தாய்மார்களைக் குழந்தைகளுக்காகவே தேடி வருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு ஒரு வீட்டார் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

அடுத்து வந்தது பொள்ளாச்சியிலிருந்து ஒரு வரன். தென்னை நார்த் தொழில் செய்யும் குடும்பம். மாப்பிள்ளைக்கு 36 வயது, விவாகரத்தானவர், குழந்தை இல்லை. பயோடேட்டா அவர்கள் கைக்குப் போயிருந்தது, ஆனால் அதை அவர்கள் கவனமாகப் படித்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசியில் பேசினார். அவர் கேட்ட கேள்வியிலிருந்தே தரகர் என்ன சொல்லியிருக்கிறார் என்பது தெரிந்துவிட்டது: "கொழந்தைய அங்க யாருங்க பாத்துக்குவாங்க? வாரம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனா பத்தாதுங்களா?" இப்படிப்பட்ட கேள்விக்கு "அதெல்லாம் பேசிக்கலாங்க" என்று சொல்வதுதான் நம்மவர் வழக்கம். அந்தப் பதிலைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நான், "இல்லீங்க, பிள்ளை அவ கூடத்தான் வரும். உங்க வீட்டுலதான் வளரும். அதுக்கு உங்களுக்கு மனசு இருந்தா மேல பேசலாங்க, இல்லைன்னாலும் ஒண்ணும் தப்பு இல்லீங்க" என்றேன். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இந்தக் கட்டத்தில் பெண் வீட்டார் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பதில் வராத நாட்களில் தரகரை விட்டுக் கேட்கச் சொல்வதும், குழந்தையை வேண்டுமானால் ஒரு வருடம் இங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்று தாமாகவே இறங்கி வருவதும்தான் அது. அக்காள் அப்படிச் சொல்லத் துடித்தாள். அந்த ஒரு வருடம் இரண்டாகும், பிறகு பள்ளி மாற்றினால் படிப்பு கெடும் என்பார்கள், கடைசியில் குழந்தை பாட்டி வீட்டுக் குழந்தையாகவே நின்றுவிடும். எங்கள் சுற்று வட்டாரத்தில் அப்படி நின்றுவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். பதிலுக்கு நேரம் கேட்கிறவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். உடனே "பரவாயில்லை, எங்கள் பேத்தி மாதிரி பார்த்துக்கொள்வோம்" என்று சொல்பவர்களைவிட, யோசித்துவிட்டுக் கேள்விகளோடு திரும்பி வருபவர்கள் நம்பத்தக்கவர்கள் என்பது என் எண்ணம். கேள்வி கேட்கிறவர்கள் அந்தக் குழந்தையைத் தங்கள் வீட்டுக்குள் வைத்து மனத்தால் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள்.

பத்து நாட்கள் கழித்து மாப்பிள்ளையே என் அக்காள் மகளை அழைத்தார். அவர் கேட்டவை நேரான கேள்விகள். குழந்தையின் அப்பா வந்து போவாரா, அவர் பணம் தருகிறாரா, குழந்தையைப் பொள்ளாச்சிக்கு அழைத்து வருவதில் வழக்கு ஏதும் வருமா, குழந்தைக்கு யாருடைய இனிஷியல் போடுவது. இந்த நான்கு கேள்விகளும் எந்த மறுமணப் பேச்சிலும் வரும் என்பதால், பதில்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பதில் வாய்ச்சொல்லாக இல்லாமல், கையில் இருக்கும் தீர்ப்பின் நகலிலிருந்து வர வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த தீர்ப்பின்படி குழந்தை தாயிடம் இருக்கும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தந்தை அழைத்துப் போகலாம். குழந்தைக்காக அவர் மாதம் 7,000 ரூபாய் தர வேண்டும். இதை அப்படியே மாப்பிள்ளையிடம் சொன்னாள். தாய் மறுமணம் செய்துகொண்டால் பணம் நின்றுவிடுமா என்பது பலருக்கும் குழப்பமான இடம். மனைவி என்ற முறையில் அவள் பெற்றுவரும் ஜீவனாம்சத்தை, மறுமணத்தைக் காட்டி நீதிமன்றத்தில் நிறுத்தவோ மாற்றவோ கேட்கலாம். குழந்தைக்கான தொகை தனி. தாய் மறுமணம் செய்ததால் பெற்ற தந்தையின் கடமை தீர்ந்துவிடாது. புதிதாக வருகிறவருக்கு இது தெரிந்திருந்தால், செலவு முழுவதும் தன் தலையில் விழும் என்ற அச்சமும் இருக்காது, அந்தப் பணத்தை அவர் கணக்கில் சேர்த்துப் பார்க்கவும் மாட்டார். அந்தத் தொகை குழந்தையின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் தனி வங்கிக் கணக்கில் போகும் என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள்.

மாநில எல்லையைக் கடப்பதுதான் எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்தில் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம் என்பதால், அது வேறு மாநிலம் என்ற நினைப்பே எங்களுக்கு இருப்பதில்லை. ஆனால் குழந்தையின் பொறுப்பைப் பற்றிய ஆணைகளில், நீதிமன்ற எல்லைக்கு வெளியே குழந்தையின் இருப்பிடத்தை மாற்றுவதானால் அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். அந்த வரி இருந்தும் அனுமதி பெறாமல் அழைத்துப் போனால், தந்தை தரப்பு அதையே பிடித்துக்கொண்டு குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரலாம். தாய் மறுமணம் செய்துகொண்டதை மட்டும் காரணமாக வைத்துக் குழந்தையை எடுத்துவிட முடியாது; குழந்தையின் நலன் எது என்பதையே நீதிமன்றம் பார்க்கும். ஆனால் குழந்தையின் பொறுப்பைப் பற்றிய ஆணை என்றென்றைக்கும் மாறாதது அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றிக் கேட்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு. ஆகவே வருகிற மனிதரிடம், "வழக்கு வரவே வராது" என்று உறுதி கொடுப்பது தவறு. "ஆணையில் இந்த நிபந்தனை இருக்கிறது, திருமணத்துக்கு முன்பே வக்கீல் மூலம் அனுமதி கேட்போம், குழந்தையின் அப்பா எதிர்த்தால் சில மாதங்கள் இழுக்கலாம்" என்று சொல்வதுதான் முறை. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னாள். தந்தை எதிர்க்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமைகளில் குழந்தையை என் அக்காள் வீட்டிலிருந்து அவர் அழைத்துப் போய் அங்கேயே திரும்ப விடுவது என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள். இதனால் முந்தைய கணவர் புதிய வீட்டு வாசலுக்கு வர வேண்டியதில்லை. பாட்டிக்கும் மாதம் ஒருமுறை பேத்தி கைக்கு வருவாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனச்சங்கடமாக இருந்தது இந்த ஒன்றுதான் என்பது அந்த ஏற்பாட்டைக் கேட்டபின் அவர் குரலில் தெரிந்தது.

இனிஷியல் பற்றிய கேள்வியை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். தமிழர் வீட்டில் குழந்தையின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து, பள்ளிப் பதிவேட்டிலிருந்து ஆதார் வரை போகும். புதிய தந்தையின் எழுத்தைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். அதை ஒரு பெருந்தன்மையாகவும் முன்வைக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், மறுமணம் செய்த தாய்க்குத் தன் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்றும், ஆவணங்களில் புதிய கணவரின் பெயரை மாற்றாந்தந்தை என்று குறிக்கச் சொல்வது குழந்தையின் மனத்தைப் பாதிக்கும் என்றும் கூறியது. ஆனால் அந்த வழக்கில் பெற்ற தந்தை இறந்துபோயிருந்தார்; தாயே ஒரே இயற்கைப் பாதுகாவலர். தந்தை உயிரோடு இருந்து, மாதாமாதம் வந்து பார்த்துப் பணமும் தருகிற இடத்தில் அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், இயற்கைப் பாதுகாவலர் என்பதில் மாற்றாந்தந்தை அடங்க மாட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. முறையாகத் தத்தெடுக்க வேண்டுமானால் பெற்ற தந்தையின் சம்மதம் வேண்டும். ஆகவே அவள் மாப்பிள்ளையிடம், "இனிஷியல் மாறாதுங்க, அவளுக்கு அப்பா இருக்கார். உங்களை அவ என்ன சொல்லிக் கூப்பிடறதுங்கறதை அவளே முடிவு பண்ணிக்கட்டும்" என்றாள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவர் முகம் சுருங்கியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம்.

இவ்வளவும் பேசி முடிந்த பிறகே அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். அன்று குழந்தையை எங்கும் அனுப்பவில்லை. ஆனால் கூடத்தில் உட்கார வைக்கவும் இல்லை. அவள் வழக்கம்போல் வீட்டுக்குள்ளும் வாசலுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் யாரும் அவளை மடியில் தூக்கி வைத்து, இவர் யார் தெரியுமா என்று கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். குழந்தைக்கு விஷயத்தைச் சொல்லும் நேரம் வேறு. இரு பெரியவர்களும் உறுதி செய்துகொண்ட பிறகு, நிச்சயதார்த்தத்துக்கு முன்பாக, தாயே சொல்ல வேண்டும். அதற்கு முன்பே ஒவ்வொரு வரனையும் குழந்தைக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தால், வந்து வந்து மறையும் மாமாக்களைப் பார்த்துக் குழந்தை கலங்கிப்போகும். இவளுக்குச் சொன்னபோது இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்லச் சொன்னேன்: நீ என்னோடுதான் வருவாய், அப்பாவை எப்போதும்போல் சனிக்கிழமை பார்ப்பாய். குழந்தைக்கு உள்ளூர இருக்கும் அச்சங்கள் இந்த இரண்டும்தான். புதிய வீடு, புதிய மாமா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

ஆண்களுக்கும் இதே முறைதான், ஒரு வேறுபாட்டோடு. அவர்களுடைய குழந்தை பெரும்பாலும் முந்தைய மனைவியிடம் இருக்கும் என்பதால், "குழந்தை என்னோடு இல்லை" என்று சொல்லிவிட்டு அத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். மாதம் எவ்வளவு தொகை அனுப்ப வேண்டும், எந்த நாட்களில் குழந்தை வீட்டுக்கு வந்து தங்கும், பின்னாளில் தந்தையோடு வந்து இருக்க அது விரும்பினால் என்ன செய்வது என்ற மூன்றையும் அவர்கள் முதல் பேச்சிலேயே சொல்லியாக வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கும் என்பதைத் திருமணத்துக்குப் பின் அறிகிற பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மனைவியை இழந்தவர்கள் சிலர், "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் பெண் தேடுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதில் நேர்மை உண்டு. ஆனால் வருகிற பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்பதையும் அந்தப் பெண் வீட்டார் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாள் குறிக்கும்போது ஜோதிடர் இரண்டு முகூர்த்தங்கள் கொடுத்தார், ஒன்று தை மாதத்தில், மற்றது சித்திரையில். சித்திரையைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் பள்ளிதான். இரு மாநிலங்களிலும் கல்வியாண்டு ஜூன் மாதம் தொடங்குவதால், கோடை விடுமுறையில் குழந்தை புதிய வீட்டுக்குப் பழகிக்கொள்ளலாம். படிக்கும் ஆண்டின் நடுவில் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நீதிமன்ற அனுமதியை அதற்கு முன்பே வாங்கி வைத்தோம். மாற்றுச் சான்றிதழை மே மாதத்தில் பெற்றார்கள். பொள்ளாச்சிப் பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்பியபோது, தந்தை பெயர் என்ற இடத்தில் பெற்றவரின் பெயரும், பாதுகாவலர் என்ற இடத்தில் தாயின் பெயரும் எழுதினார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்களில் முதலாவதாகத் தாயின் எண்ணும், இரண்டாவதாக மாப்பிள்ளையின் எண்ணும் இருக்கின்றன.